"சுகர் குறைஞ்சா நல்லதுதானே?"

அன்புள்ள அக்கா,

தாராவியில் எங்கள் இளைஞர் மன்றம் மாதம் ஒரு ஞாயிறு சுகர் பரிசோதனை முகாம் நடத்துகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். டாக்டர் லோ சுகர் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்து, ஸ்லைடு போட்டுக் காட்டச் சொன்னார். குறிப்பு இதுதான்:

"ஹைப்போகிளைசீமியா: பிளாஸ்மா குளுக்கோஸ் < 70. ஆட்டோனாமிக் அறிகுறிகள்: டயாஃபோரெசிஸ், ட்ரெமர், பால்பிடேஷன். நியூரோகிளைகோபீனிக்: கன்ஃப்யூஷன், ஸ்லர்ட் ஸ்பீச், சீஷர். பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களில் மாஸ்க் ஆகலாம். கான்ஷியஸ் என்றால் 15 கிராம் ரேபிட் ஆக்டிங் கார்போஹைட்ரேட், 15 நிமிடத்தில் ரீசெக். ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் இன்ஹிபிட்டர் எடுப்பவருக்கு சுக்ரோஸ் வேண்டாம், குளுக்கோஸ். அன்கான்ஷியஸ் என்றால் நில் பை மவுத், ஐவி டெக்ஸ்ட்ரோஸ். சல்ஃபோனைல்யூரியா என்றால் ரிகரன்ஸ், அப்சர்வேஷன்."

எல்லாவற்றையும் தமிழாக்கி ஒரே ஸ்லைடில் போட்டேன். தலைப்பு "குருதிச் சர்க்கரைக் குறைவு". அம்மாவே படித்துவிட்டு ஒன்றும் விளங்கவில்லை என்றார். எளிமையாக்கினால் டாக்டர் சொன்னது விட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?

செ., தாராவி, மும்பை

*

அன்புள்ள தம்பி,

முதலில் தலைப்பை எடுத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன் செம்பூரில் ஒரு முகாமுக்கு நானும் இதே விஷயத்துக்கு ஸ்லைடு செய்தேன். "சர்க்கரை அளவு குறைந்தால்" என்று தலைப்பு வைத்திருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "குறைஞ்சா நல்லதுதானே, அதுக்குத்தானே மாத்திரை போடறோம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. சுகர்காரர் வீட்டில் "குறைஞ்சிருக்கு" என்பது நல்ல சேதி. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை அது. அதே வார்த்தையை ஆபத்துக்கு வைத்தால் யாருக்கும் பயம் வராது. உங்கள் "குருதிச் சர்க்கரைக் குறைவு" ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பாடப்புத்தகச் சொல்லை வைக்கிறது. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆபத்து என்ற சொல்லும், மீட்டரில் பார்க்கும் எண்ணும் தலைப்பிலேயே வர வேண்டும்: "சுகர் 70க்குக் கீழே போனால் ஆபத்து". அந்த < குறியையும் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருடம் ஆனவருக்கு அது எந்தப் பக்கம் என்று யோசிக்கவே நேரம் போய்விடும்.

அடுத்து "கான்ஷியஸ்" என்ற ஒரு சொல். அதை "சுயநினைவுடன் இருந்தால்" என்று மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சரியான தமிழ்தான். ஆனால் சுகர் இறங்கும்போது நடுவில் ஒரு நிலை வரும். கண் திறந்திருக்கும், ஆனால் கேள்விக்குப் பதில் பொருந்தாது, தலை சாயும். அவருக்குச் சுயநினைவு இருக்கிறதா இல்லையா என்று மகன் எப்படி முடிவு செய்வான்? டாக்டர் அந்தச் சொல்லை எழுதியது ஒரே காரணத்துக்காக: வாய் வழியாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது. அப்படியானால் வீட்டார் பார்க்க வேண்டியது நினைவை அல்ல, விழுங்குவதை. "விழுங்க முடிகிறதா?" என்று எழுதுங்கள். நிபுணர் சொல்லுக்கு அகராதியில் நிகர்ச்சொல் தேடினால் இது கிடைக்காது. அந்தச் சொல்லை வைத்து டாக்டர் எதை முடிவு செய்கிறார், அதையே வீட்டில் இருப்பவர் கண்ணால் பார்ப்பது எப்படி என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். குறிப்பில் மூன்று மருந்து வகைகள் இருக்கின்றன. பார்ப்பவர்களில் யாருக்கும் தன் மாத்திரை எந்த வகை என்று தெரியாது. அதனால் மூன்று பெயர்களையும் ஸ்லைடிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர்களோடு சேர்ந்த எச்சரிக்கை போய்விடக் கூடாது. அதை வைக்க வேறு இடம் இருக்கிறது.

பீட்டா பிளாக்கர் என்பது மெட்டோப்ரோலால் போல, பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவருக்கு லோ ஆகும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். ஆனால் வியர்வை பொதுவாக மறைவதில்லை. அப்படியென்றால் அறிகுறி வரிசையில் வியர்வையை முதலில், பெரிய எழுத்தில் போடுங்கள். "இதில் ஒன்று இருந்தாலே போதும்" என்று ஒரு வரி சேருங்கள். பீட்டா பிளாக்கர் என்று எழுதாமலே அவர்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டீர்கள்.

இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்த உதாரணம். அகார்போஸ், வாக்லிபோஸ் என்ற மாத்திரைகள் குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்துகின்றன. நாம் டீயில் போடும் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அவசரத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் மெதுவாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் பொடிக்கு உடையும் வேலையே கிடையாது, அப்படியே சேர்ந்துவிடும். "இனிப்பாக ஏதாவது கொடுங்கள்" என்று எளிமைப்படுத்தியிருந்தால் இந்த ஒரு கூட்டத்தாருக்கு நாம் தவறான வழி சொன்னதாக ஆகியிருக்கும். குளுக்கோஸ் பொடி மெடிக்கல் கடையில் கிடைக்கிறது, எல்லாருக்கும் பொருந்தும். ஆகவே அதை முதல் வரியில் போட்டு, சர்க்கரையை "இல்லையென்றால்" என்று கீழே வையுங்கள். இங்கேயும் மருந்துப் பெயர் தேவைப்படவில்லை. லட்டு, சாக்லேட் கொடுப்பவர்கள் உண்டு. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும். அதை ஸ்லைடில் எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள்.

சல்ஃபோனைல்யூரியா நம் ஆட்கள் பலர் சாப்பிடும் கிளிமிபிரைடு வகை. மாத்திரையின் வேலை மணிக்கணக்கில் நீடிப்பதால், தெளிந்தவருக்கு மறுபடி இறங்கலாம். ஸ்லைடில் அது "தெளிந்த பிறகும் தனியாக விட வேண்டாம்" என்று வந்தால் போதும்.

15 கிராம், 15 நிமிடம் என்பது டாக்டர்கள் நினைவில் வைக்க வசதியான ஜோடி. புதிதாகக் கேட்பவருக்கு இரண்டு 15ம் ஒன்றோடொன்று குழம்பும். கிராமை 3 டீஸ்பூன் ஆக்கிவிடுங்கள், நிமிடத்தை மட்டும் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பூன் என்ற கேள்வி கட்டாயம் வரும். முகாமுக்கு ஒரு டீஸ்பூனைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் "வேண்டாம்", "கூடாது" எல்லாம் கடைசியில் வருகிறது. "மயக்கமடைந்தவருக்கு வாய்வழியாகத் தண்ணீர், சர்க்கரைக் கரைசல் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது" என்று எழுதினால், ஒரு பார்வை பார்ப்பவர் கண்ணில் மயக்கம், தண்ணீர், சர்க்கரை மூன்றும் விழும். "கூடாது" விழாது. நேர் எதிராகப் புரிந்துகொள்வார். ஆகவே தடை வரியில் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்: "வாயில் எதுவும் வேண்டாம்". கொடுக்கக் கூடாத பொருளின் பெயரே அந்த ஸ்லைடில் இருக்கக் கூடாது. டம்ளர் படமும் கூடாது. அடுத்த வரியிலேயே கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பதற்றத்தில் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். "ஐவி டெக்ஸ்ட்ரோஸ்", அதாவது ஊசி வழியாக ரத்தத்தில் குளுக்கோஸ் ஏற்றுவது, நர்ஸ் செய்கிற வேலை. வீட்டில் அதற்கு ஈடான வேலை 108க்குப் போன் செய்வதுதான்.

நான் இப்போது செய்தால் ஒரே ஸ்லைடை ஐந்தாகப் பிரிப்பேன்:

1. சுகர் 70க்குக் கீழே போனால் ஆபத்து

2. திடீரென்று வியர்க்கிறதா?
கை நடுங்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா?
பேச்சு குழறுகிறதா? ஆள் குழம்புகிறாரா?
இதில் ஒன்று இருந்தாலே போதும். உடனே சுகர் பாருங்கள்.

3. விழுங்க முடிகிறதா? இப்போது குளுக்கோஸ்தான் மருந்து
3 டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில்.
இல்லையென்றால் சர்க்கரை.
15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையா? இன்னொரு முறை.

4. விழுங்க முடியவில்லையா? மயக்கமா? வலிப்பா?
வாயில் எதுவும் வேண்டாம்.
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
108 கூப்பிடுங்கள்.

5. தெளிந்துவிட்டாரா?
சாப்பாடு கொடுங்கள்.
தனியாக விட வேண்டாம்.
டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது ஸ்லைடில் "மருந்து" என்று வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன். வருடக்கணக்காகச் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்த மனைவிக்கு, அவரே அதை எடுத்துக் கொடுக்க மனசு வராது. அந்த ஒரு சொல் அவருக்கு அனுமதி கொடுக்கிறது.

அப்புறம் சோதனை. அம்மாவிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்தது என்று "புரிஞ்சுது" என்பார். ஒரு ஸ்லைடை மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காட்டுங்கள், மறைத்துவிடுங்கள். "அப்பா இப்ப வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கார், நீ என்ன செய்வே?" என்று கேளுங்கள். அவர் செய்வதாகச் சொல்வது ஸ்லைடில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், திருத்த வேண்டியது ஸ்லைடை. அடுத்த வீட்டில் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் இதையே கேளுங்கள். நான் நான்காவது ஸ்லைடில் முதலில் "பக்கவாட்டில் படுக்க வைக்கவும்" என்று போட்டிருந்தேன். ஒருவர் "பக்கத்துல படுக்கணுமா?" என்று கேட்ட பிறகுதான் "ஒருக்களித்து" என்று மாற்றினேன்.

கடைசியாக டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். இந்தப் படியை விடவே கூடாது, ஏனென்றால் நாம் இருவரும் டாக்டர் இல்லை. "சரியா இருக்கா?" என்று கேட்டால் அவசரத்தில் தலையாட்டிவிடுவார். இப்படிக் கேளுங்கள்: "இந்த ஸ்லைடை மட்டும் பார்த்து ஒருத்தர் அப்படியே செஞ்சா, யாருக்காவது கெடுதல் வருமா?" அவருடைய குறிப்பின் ஒவ்வொரு வரியும் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: இது இரண்டாவது ஸ்லைடில், இது நீங்கள் வாயால் சொல்வது, இது விட்டது. விட்டதைப் பார்த்தால்தான் அவரால் எதிர்ப்புச் சொல்ல முடியும். குறிப்பில் இல்லாத ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்: வீட்டில் சுகர் மிஷின் இல்லாதவர் என்ன செய்வது? சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்பதே வழக்கமாகச் சொல்லும் வழி. அதை அவர் தன் வாயால் சொல்லட்டும். உங்கள் பக்கம் பாதி வீடுகளில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். அவர் சொன்னதும் இரண்டாவது ஸ்லைடின் கடைசி வரியை அதற்கேற்ப மாற்றிவிட்டு எனக்கு அனுப்புங்கள், முகாமுக்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா