மதியம் நீலம், மாலையில் சிவப்பு: வானத்தின் வட்டிக் கணக்கு

கேள்வி: காரைக்குடி வீட்டு முற்றத்தில் நின்று என் மகள் கேட்டாள். "மதியம் நீலமா இருந்த வானம் சாயங்காலம் ஏன் சிவக்குது? அதே சூரியன், அதே காத்துதானே?"

பதில்:

சூரியன் அதேதான். ஆனால் வெளிச்சம் நம் கண்ணுக்கு வருவதற்குள் கடக்கும் காற்றின் அளவு மாறிவிடுகிறது. நான் இருபது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், உங்கள் ஊருக்குப் பக்கத்துக்காரன். அதனால் முற்றத்தை வைத்தே சொல்கிறேன்.

சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் உச்சிவேளையில் உங்கள் முற்றத்துத் தூணின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது என்று அர்த்தம். மேலே போகப் போகக் காற்று லேசாகிக்கொண்டே போகிறது. அதை முழுக்கத் தரைமட்டக் காற்றின் அடர்த்திக்கு அழுத்தினால் சுமார் 8 கிலோமீட்டர் உயரம்தான் இருக்கும். உச்சிவெயில் கடந்து வருவது அவ்வளவுதான்.

அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியவை. இவ்வளவு சிறிய பொருள் ஒளியைச் சிதறடிக்கும்போது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கிடுகிடுவென ஏறுகிறது. ராலே கண்ட விதி இது: அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. நீலம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்பு சுமார் 650. கணக்குப் போட்டால் நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. உச்சியிலிருந்து வரும் நீலத்தில் நூற்றுக்கு 20 பங்கு வழியிலேயே பிரிந்து நாலாபக்கமும் போகிறது. சிவப்பில் போவது 5 பங்குதான். பிரிந்துபோன அந்த நீலம்தான் வானத்தின் எந்த மூலையைப் பார்த்தாலும் நம் கண்ணில் படுகிறது. ஊதா இன்னும் அதிகமாகச் சிதறும். ஆனால் சூரிய ஒளியில் அது குறைவு, நம் கண்ணுக்கும் அது அவ்வளவாக உறைக்காது.

சரி, இப்போது மாலை. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதன் கதிர் காற்றைச் சாய்வாகக் கிழித்துக்கொண்டு வருகிறது. உச்சிவேளையில் கடந்ததைப்போல 38 மடங்கு காற்று! கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். நம் ஊர்க்காரர்களுக்குக் கூட்டு வட்டி புதிதில்லையே, அதையே திருப்பிப் போடுங்கள். ஒவ்வொரு 8 கிலோமீட்டரும் கையில் மீதி இருக்கும் நீலத்தில் ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இப்படி 38 தடவை எடுத்தால் நாலாயிரத்தில் ஒரு பங்கு நீலம் மிஞ்சினாலே அதிகம். சிவப்போ ஏழில் ஒரு பங்கு தப்பி வந்துவிடும். சூரியனும் அதைச் சுற்றியுள்ள வானமும் மேகமும் சிவப்பது அதனால்தான்.

போன நீலம் எங்கே? காரைக்குடியிலிருந்து நேர் மேற்கே 300 கிலோமீட்டர் கோடு இழுத்தால் அது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கொச்சிக் கடற்கரைக்கும் அப்பால் போகும். நமக்குச் சூரியன் மறையும் நேரத்தில் கொச்சியில் அது மறைய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். நமக்கு வரவேண்டிய கதிரிலிருந்து பிரிந்த நீலத்தில் ஒரு பங்கு அப்போது அவர்கள் தலைக்கு மேல் வானமாக இருக்கிறது. உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

செம்மண் புழுதிதான் வானத்தைச் சிவப்பாக்குகிறது என்று நம் பக்கம் சொல்வார்கள். புழுதித் துகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியது, ஏறக்குறைய எல்லா நிறத்தையும் ஒன்றாகவே சிதறடிக்கும். அதனால் வானம் வெளுத்து மங்கும். பங்குனி மதியத்து வானத்தையும், ஐப்பசி மழை விட்ட மறுநாள் வானத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புழுதி கழுவப்பட்ட பிறகுதான் நீலம் ஆழமாகத் தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க, உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஆடை எடுத்த பாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் தம்ளருக்கு அடியில் வையுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் டார்ச்சுக்கு அருகே இளநீலச் சாயல் இருக்கும், மேலே போகப் போக மஞ்சளாகும். மேலிருந்து டார்ச்சையே பார்த்தால் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். ஆடையுள்ள பாலில் கொழுப்புத் துளிகள் பெரிதாக இருப்பதால் நீலம் எடுபடாது. பால் அதிகமானாலும் எல்லாம் வெள்ளையாகிவிடும். அப்படி ஆனால் கொட்டிவிட்டு, இரண்டே சொட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.