ஈ.கோலை எப்போது வயிற்றைக் கலக்குகிறது?

“ஈ.கோலை பாக்டீரியா எல்லார் குடலிலும் இருக்கிறதாம். பிறகு பினாங்கில் ஐஸ் கச்சாங் சாப்பிட்ட எனக்கு ஏன் அதனால் வயிற்றுப்போக்கு?”

வந்தது வேறு வகையாக இருக்கலாம். பெருங்குடலில் சாதுவாக வாழும் வகைகளிடம் நச்சு மரபணுக்கள் இல்லை. தண்ணீராகப் போகவைக்கும் ஈடெக் வகை, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் அவற்றைச் சுமந்து வருகிறது. நுண்ணிழைகளால் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கும். அந்த நச்சு செல்லின் குளோரைடு வாயிலைத் திறந்தே வைத்துவிட, உப்பும் அதன் பின்னே நீரும் குடலுக்குள் கொட்டும்.

செல் சிதைவதில்லை, அதனால் ரத்தம் வராது. சர்க்கரையோடு சேர்த்துச் சோடியத்தை உறிஞ்சும் வழியும் பழுதாகாது. ஆகவே கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு (இரண்டும் தலைதட்டி) கலந்து அடிக்கடி குடியுங்கள். உப்பு கூடினால் ஆபத்து.

மலத்தில் ரத்தம் கண்டால் அது ஷிகா நச்சு வகையாக இருக்கலாம், சிறுநீரகத்தையே தாக்கும். ஆன்டிபயாடிக் அந்த நச்சை அதிகமாக்கக்கூடும். மாத்திரை எதுவும் நீங்களாக வாங்கி விழுங்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.