அந்த எண்ணுக்குப் பின்னால் யார் நின்றார்?

கேள்வி: மண்டபத்தில் மீன் ஏல விலைச் செயலியை ஜூன் 15 அன்று வெளியிட்டோம். குறித்த நாளில் வெளியீடு, விலைப் பதிவு 20 நிமிடத்திலிருந்து 6 நிமிடம், முதல் வாரத்தில் 11 புகார். இந்தப் பட்டியலைக் குழுவுக்கு மனதாரச் சொல்லும் நன்றி மின்னஞ்சலாக எப்படி மாற்றுவது?

பதில்: நானும் இதே கரையில் ஒரு சிறிய குழுவை நடத்துகிறேன். மூன்று வரியையும் மின்னஞ்சலில் ஏற்ற வேண்டாம். எதற்குப் பின்னால் ஓர் ஆளின் யோசனை இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். எனக்குப் பார்த்தவுடன் தோன்றுவது அந்த 20, 6 தான்.

அது எப்படிக் குறைந்தது என்று களத்தில் நின்றவரிடம் போனில் கேளுங்கள். எங்கள் குழுவில் கிடைத்த விவரம் இது: இறங்குதளத்தில் கை எப்போதும் ஈரம், உப்பு வேறு. தொடுதிரை அந்த விரலுக்கு ஒழுங்காக வேலை செய்யாது. கணவாய்க்கும் சங்காயத்துக்கும் விலையைத் தட்டித் தட்டி ஏலக்காரர் அலுத்துவிடுவார். இதைக் கவனித்துச் சொன்னவர் ஒருவர், எண்களைப் பெரிய பொத்தான்களாக மாற்றியவர் இன்னொருவர். நான் எழுதியது இப்படி, பெயர்களை எடுத்துவிட்டு எண்ணுக்கு உங்கள் 6 நிமிடத்தை வைத்திருக்கிறேன்:

"விடியலுக்கு முன்பே தளத்தில் நின்று, ஈர விரலில் திரை நகரவில்லை என்று படம் எடுத்து அனுப்பினீர்கள். அன்று மாலையே பொத்தான்களை மாற்றிக் கொடுத்தீர்கள். விலைப் பதிவு இன்று 6 நிமிடத்தில் முடிவது உங்கள் இருவரால்தான்."

எண் கடைசியில் வருவதைப் பாருங்கள். ஆளும் செயலும் முன்னே வந்தால் எண் சாட்சியாக நிற்கும். எண்ணை முதலில் வைத்தால் மேலிடத்துக்குப் போகும் அறிக்கை வாடை அடிக்கும்.

"குறித்த நாளில்" என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்படியானால் சோதனைக்கு மீன் எங்கிருந்து வந்தது? நாட்டுப்படகுக்காரர்களிடம் பேசி ஏற்பாடு செய்தவர் யாரோ இருப்பார், அவரைச் சொல்லுங்கள். புகார் 11 என்பதை விட்டுவிடலாம். அதைப் பேச வேறு கூட்டம் இருக்கிறது. அடுத்த மாத இலக்கும் இதில் வேண்டாம், அது வந்தால் நன்றி முன்பணம் மாதிரி ஆகிவிடும்.

எழுதிய பிறகு ஒரு சோதனை. ஒரு வாக்கியத்தில் பெயரை மாற்றி வேறொருவர் பெயரைப் போடுங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வாக்கியம் யாருக்கும் சொந்தமில்லை, திருப்பி எழுதுங்கள். "அனைவரின் கடின உழைப்பு" இதில் தேறாது.

அப்புறம், சம்பளப் பட்டியலை எடுத்துப் பெயர்களைச் சரிபாருங்கள். விட்டுப்போகிறவர் பெரும்பாலும் தொலைபேசி எடுப்பவரும் களப் பயிற்சி கொடுப்பவரும்தான். மின்னஞ்சல் பார்க்காத கள ஊழியர்களுக்கு அவரவர் பத்தியை வாட்ஸ்அப் குரல் செய்தியாக உங்கள் குரலிலேயே அனுப்புங்கள். குடும்பச் சிரமம், உடல்நலம் மாதிரி விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம்.