யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் 12 துளை போதுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 30 கிலோவாட் குளிரூட்டலுக்கு நில வெப்பப் பம்பு போடுகிறோம். சோதனைத் துளையில் நிலத்தின் வெப்பக் கடத்துதிறன் 2.5, நில வெப்பநிலை 29 பாகை என்று வந்தது. 100 மீட்டர் ஆழத்தில் 12 துளை, 6 மீட்டர் இடைவெளி போதும் என்கிறார் கொன்ட்ராக்டர். சரியா?

முதல் வருடத்துக்குச் சரி. பத்தாம் வருடத்துக்குப் போதாது.

சோதனைத் துளையில் செய்த வெப்பப் பதில் சோதனை இரண்டு, மூன்று நாளில் முடிந்துவிடும். அது ஒற்றைத் துளையின் கதை. பக்கத்துத் துளைகள் வருடக்கணக்கில் ஒன்றையொன்று சூடாக்குவது அதில் தெரியாது. குளிர்நாடுகளில் கோடையில் நிலத்துக்குள் இறக்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திருப்பி எடுத்துவிடுவார்கள். நமக்கு ஹீற்றர் தேவையே இல்லை, ஆகவே போட்டது முழுக்க உள்ளேயே கிடக்கும்.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். கொம்பிரசரின் வெப்பத்தையும் சேர்த்தால் உச்சநேரத்தில் நிலத்துக்குப் போவது 37.5 கிலோவாட். வருடத்துக்கு 2000 மணிநேர முழுச்சுமை என்று எடுத்தால் சராசரி 8.6 கிலோவாட். குழாய்நீரின் சராசரி 37.5 பாகையைத் தாண்டக்கூடாது என்பது என் எல்லை. துளையின் வெப்பத்தடை, நாள், மாதம், பத்து வருடச் சுமைகள் எல்லாம் கூட்டினால் துளைகளின் மொத்த நீளம் இப்படி வரும்:

```
L = 9940 / (37.5 − 29 − tp)
```

tp என்பது பக்கத்துத் துளைகளால் நிலம் சூடேறும் அளவு. அதைப் பூச்சியமாக விட்டால் 1170 மீட்டர். உங்கள் 12 துளை அங்கிருந்துதான் வந்திருக்கும். பத்து வருடத்துக்கு, 6 மீட்டர் இடைவெளியில், tp ஏறக்குறைய 4 பாகை. நீளம் 2200 மீட்டர், அதாவது 22 துளை. 37.5க்கும் 29க்கும் இடையே இருக்கிற 8.5 பாகையில் பாதியை tp தின்றுவிடுகிறது. இடைவெளியை 9 மீட்டராக்கினால் 17 துளையில் முடியும். வளவு பெரிதென்றால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.

“சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணி ஓடும், வெப்பத்தைக் கொண்டுபோய்விடும்” என்று கொன்ட்ராக்டர் சொல்லக்கூடும். சோதனைத் தரவிலேயே அதைப் பார்க்கலாம். முதல் 12 மணிநேரத்தை விட்டுவிட்டு, குழாய்நீரின் வெப்பநிலையை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்து, 30, 40, 50 மணிநேரம் வரை தனித்தனியாகச் சரிவெடுத்துக் கடத்துதிறனைக் கணக்கிடுங்கள். 2.5 அசையாமல் நின்றால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஏறிக்கொண்டே போனால் நீரோட்டம் இருக்கிறது. ஆனால் மாரி முடிந்து நீர்மட்டம் உயர்ந்திருந்தபோது செய்த சோதனை என்றால், ஆவணி வறட்சியிலும் அதே ஓட்டம் இருக்குமென்று நம்பமாட்டேன்.

நானென்றால் தண்ணி தெளிக்காமல் காற்றாலேயே குழாய்நீரைக் குளிர்விக்கும் ட்ரை கூலர் ஒன்றை இரவில் ஓடச் சேர்ப்பேன். இரவுக் காற்று 27 பாகை, குழாய்நீர் அதைவிடச் சூடு. வருட வெப்பத்தில் பாதியை அது வெளியேற்றினால் 15 துளை அளவில் நிற்கும். கூலிங் டவர் இன்னும் திறமாகக் குளிர்விக்கும்தான், ஆனால் எங்கள் கிணற்றுத்தண்ணியின் சுண்ணாம்பு அதில் படிந்து உயிரை வாங்கும்.