எந்த மழை எங்கள் குளத்துக்கு வரும்? நீரேந்துப் பகுதி வரைவது பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சிறு குளங்களைப் பற்றியவை. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிற குளங்கள். படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் நிலம் அநேகமாகத் தட்டை. மலைநாட்டில் கண்ணை மூடிக்கொண்டு சரியாக வருகிற கணிப்பு இங்கே எளிதில் பிழைத்துப்போகும். அதனால் சில பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆயித்தியமலைப் பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி: தரை உயர மாதிரியை QGIS இல் ஏற்றி, குளக்கட்டின் நடுவில் புள்ளி வைத்து நீரேந்துப் பகுதியைக் கேட்டேன். ஒரு வளவு அளவுக்குத்தான் வந்தது. எங்கே பிழை?

புள்ளி வைத்த இடத்தில்தான் பிழை. 30 மீற்றர் மாதிரியில் ஒரு கட்டம் 900 சதுர மீற்றர், அதாவது 0.09 ஹெக்டேயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே இருந்து எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது என்று மென்பொருள் எண்ணி வைக்கிறது. நீங்கள் அனுப்பிய கோப்பில் உங்கள் புள்ளி விழுந்த கட்டத்தின் எண்ணிக்கை 3. அதாவது 0.27 ஹெக்டேயர். அதை ஒட்டிய அடுத்த கட்டத்தில் 4,200 இருக்கிறது, அது 378 ஹெக்டேயர். 30 மீற்றர் தள்ளி வைத்ததற்கு இவ்வளவு வித்தியாசம்.

சரி, புள்ளியை ஓடைக் கட்டத்துக்கு நகர்த்தினால் போதுமா? ஆற்றுக்குப் போதும், குளத்துக்குப் போதாது. மாதிரியில் குளத்தின் நீர்ப்பரப்பு ஒரே மட்டமாகப் பதிந்திருக்கும். தட்டையான பரப்பில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை மென்பொருள் ஒரு கணக்கு வைத்துத்தான் முடிவு செய்கிறது. பெரிய ஓடை கட்டின் நடுவால் வெளியேறுவதாக வரும். பக்கத்தில் இருந்து குளத்துக்குள் விழுகிற சின்ன வடிச்சல்கள் வான் பக்கமாகத் தனியே வெளியேறுவதாக வரும். ஒற்றைப் புள்ளி அவற்றைப் பிடிக்காது.

ஆகவே குளம் முழுவதையும் வாயிலாகக் கொடுங்கள். மார்கழி, தை மாதச் செய்மதிப் படத்தைப் பார்த்து, குளம் வான் மட்டத்துக்கு நிறைந்திருக்கும்போது உள்ள விளிம்பை வரைந்துகொள்ளுங்கள். கட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டம் உள்ளே தள்ளி வரையுங்கள். மாதிரியின் ஆள்கூறுகள் பாகையில் இல்லாமல், EPSG:32644 போன்ற மீற்றர் அளவு முறையில் இருக்கட்டும். அப்புறம் GRASS மென்பொருளில் இவ்வளவுதான்:

```
g.region raster=dem
r.watershed -s elevation=dem threshold=500 accumulation=acc drainage=dir stream=str
v.to.rast input=kulam output=kulam use=cat
r.stream.basins direction=dir stream_rast=kulam basins=eenthu
```

கடைசிக் கட்டளை ஒரு துணைநிரல், அதைத் தனியாக நிறுவ வேண்டும். `threshold=500` என்றால் 45 ஹெக்டேயருக்கு மேல் தண்ணீர் சேரும் இடத்தில் இருந்து ஓடை தொடங்குகிறது என்று பொருள். அது ஓடைப் படத்தின் அடர்த்தியை மட்டும் மாற்றும், குளத்தின் நீரேந்து எல்லையை மாற்றாது. இப்படிச் செய்தபோது உங்கள் குளத்துக்கு 378 இற்குப் பதிலாக 431 ஹெக்டேயர் வந்தது. கூடுதலாக வந்த 53 ஹெக்டேயரும் வான் பக்கத்து இரண்டு வடிச்சல்களுடையது.

வந்த எல்லையில் முதலில் கட்டுப் பக்கத்தைப் பாருங்கள். கோடு கட்டைத் தாண்டிக் கீழ் வயலுக்குள் இறங்கியிருந்தால் அது பிழை. கட்டுக்குக் கீழே விழுந்த மழை குளத்துக்கு ஏறி வராது.

வெல்லாவெளியில் இருந்து: மாதிரி காட்டுகிற ஓடை வயலுக்குள்ளால் போகிறது. உண்மையான ஓடை அங்கிருந்து 200 மீற்றர் தள்ளி இருக்கிறது. மாதிரியை நம்புவதா, கண்ணை நம்புவதா?

கண்ணை. உங்கள் ஓடைக்கரையில் மருதமரங்கள் நிற்கின்றனவா? நிச்சயம் நிற்கும். நம் பக்கத்து ஓடைகளில் பெரும்பாலானவை மருத நிழலில்தான் ஓடுகின்றன. பிழைக்குக் காரணமும் அந்த மரங்களே.

எஸ்ஆர்டிஎம் மாதிரி 2000 பெப்ரவரியில் விண்கலத்தில் இருந்து றேடார் மூலம் அளந்தது. றேடார் அடர்ந்த மரக்கூட்டத்தின் அடியில் உள்ள மண்வரை முழுதாகப் போகாது, இலைத்தொகுதியிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும். பின்னாளில் வந்த கோப்பர்நிக்கஸ் மாதிரியும் றேடாரில் பிறந்ததுதான், அதிலும் இதே குறை இருக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டையான வயல், நடுவில் ஓடையோரமாக உயர்ந்த மரங்கள். மாதிரி இதைப் பார்த்து, பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேட்டைப் பதிந்து வைத்திருக்கிறது. தண்ணீர் அந்தப் பொய்மேட்டில் ஏறாமல் வயலுக்குள் திரும்புகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். ஓடைக்குக் குறுக்கே ஒரு குறுக்குவெட்டு எடுத்துப் பாருங்கள். வயல் 22, 23 மீற்றரில் தட்டையாக வந்து, ஓடை இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று கட்ட அகலத்துக்கு 32, 34 என்று எழும்பி, மறுபக்கம் திரும்பவும் 22 இல் இறங்கினால் அது மரம்.

இதற்கு ஓடையை மாதிரிக்குள் வெட்டி இறக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தையும் செய்மதிப் படத்தையும் வைத்து ஓடையின் கோட்டை வரைந்து, இப்படிக் கொடுங்கள்:

```
r.carve raster=dem vector=odai output=dem_v width=30 depth=15
```

ஆழம் பொய்மேட்டின் உயரத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். கோட்டைக் குளத்தின் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். குளத்துக்குள்ளால் போய், வானால் வெளியேறி, கீழே உள்ள அடுத்த ஓடை வரை ஒரே கோடாகக் கொண்டுபோங்கள். நடுவில் நிறுத்தினால் வெட்டிய இடம் ஒரு நீண்ட குழியாகும், தண்ணீர் அதில் இருந்து எந்தக் கரையால் வழியும் என்று சொல்ல முடியாது. மேல் முனையிலும் கவனம். கோடு நீர்பிரி மேட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த குளத்தின் மழையும் உங்கள் கணக்கில் வந்துவிடும். வெட்டிய மாதிரியை நீரோட்டத் திசைக்கு மட்டும் பாவியுங்கள். அதை வைத்துக் குளத்தின் கொள்ளளவைக் கணக்கிடக் கூடாது.

இன்னொன்று, வாய்க்கால்களை வெட்டாதீர்கள். நான் கண்ட பிழைகளில் அதிகம் வருவது இதுதான். ஓடைக் கோப்பை எங்கிருந்தாவது தரவிறக்கினால் பாசன வாய்க்கால்களும் அதில் கலந்திருக்கும். வாய்க்கால் சரிவோடு இறங்காது, சரிவுக்குக் குறுக்கே கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும். அதை 15 மீற்றர் ஆழத்துக்கு வெட்டினால் வழியில் உள்ள எல்லா ஓடையையும் அது விழுங்கிவிடும். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்கள் உள்ள இடங்களில் ஒவ்வொரு கோடாகப் பார்த்து நீக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அம்பாறையில் இருந்து: எங்கள் குளத்துக்கு மேலே இன்னொரு குளம் இருக்கிறது. அதன் நீரேந்துப் பகுதியும் எங்களுடையதா?

இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியின் குளத்தையே உதாரணமாக எடுப்போம். மொத்தம் 431 ஹெக்டேயர், அதில் 140 மேல்குளத்துக்கு உரியது என்று வையுங்கள். மிச்சம் 291 ஹெக்டேயரில் விழுகிற மழைதான் நேரே உங்களுக்கு வரும். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த 291 ஹெக்டேயரில் விழுவது 291,000 கனமீற்றர், ஏறக்குறைய 236 ஏக்கர் அடி. அதிலும் ஒரு பங்குதான் குளத்தை அடையும்.

மேல்குளத்தின் 140 ஹெக்டேயர் அது வான் பாயும்போதுதான் உங்களுடையது. சிறுபோகம் முடிந்து மேல்குளம் வற்றிக் கிடக்கையில் ஐப்பசியின் முதல் மழையை அது தன்னிடமே வைத்துக்கொள்ளும். மார்கழியில் நிறைந்த பிறகு வருகிற மழை அப்படியே கீழே இறங்கும். வெள்ளத்துக்குக் கட்டின் பாதுகாப்பைப் பார்க்கிறீர்கள் என்றால் 431 ஐ எடுங்கள். குளம் எப்போது நிறையும் என்று பார்க்கிறீர்கள் என்றால் 291 இல் தொடங்குங்கள்.

வேறு குளத்தில் இருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருமானால் அதை நீரேந்துக் கோட்டை நீட்டிக் காட்ட வேண்டாம். வரவாகத் தனியே எழுதுங்கள்.

கிராம சேவையாளர் பிரிவின் எல்லையில் மாதிரியை வெட்டி எடுத்தேன். சரிதானே?

இல்லை. மழைக்கு அந்த எல்லை தெரியாது. சுற்றிலும் சில கிலோமீற்றர் கூடுதலாக எடுங்கள். போதாவிட்டால் `r.watershed` தானே காட்டிக்கொடுக்கும். படத்துக்கு வெளியில் இருந்து தண்ணீர் வரக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை எதிர்க்குறியோடு வரும். உங்கள் குளத்துக்கு வருகிற ஓடையில் அப்படி வந்தால் இன்னும் பெரிதாக வெட்டி மறுபடி ஓட்டுங்கள்.

12.5 மீற்றர் மாதிரி இலவசமாகக் கிடைக்கிறதே, அது நுணுக்கம் கூடியது அல்லவா?

ஆலோஸ் பால்சார் படங்களோடு வரும் 12.5 மீற்றர் உயரக் கோப்பைச் சொல்கிறீர்கள். அது அந்தச் செய்மதி அளந்த உயரம் அல்ல. நம் பகுதிக்கு 30 மீற்றர் எஸ்ஆர்டிஎம்மைச் சிறு கட்டங்களாகப் பிரித்து எழுதியதுதான். கட்டம் சின்னதாகிறது, தகவல் கூடுவதில்லை. அதில் மட்டக்களப்புக் கரையோரம் கடல் மட்டத்துக்கு 90 மீற்றருக்கும் கீழே இருப்பதாகக் காட்டினால் பதற வேண்டாம். அந்த உயரம் கடல் மட்டத்தில் இருந்து அளந்ததல்ல, கணித நீள்கோளத்தில் இருந்து அளந்தது. எல்லைக் கோடு அதனால் மாறாது.

வவுணதீவில் இருந்து: கடைசியில் வந்த கோடு சரி என்று எப்படித் தெரியும்? முழுவதும் நடந்து பார்க்க முடியாது.

முழுவதும் நடக்கத் தேவையில்லை. எஸ்ஆர்டிஎம்மில் ஒரு கோடு, கோப்பர்நிக்கஸில் ஒரு கோடு எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். பாறை மேடுகள் உள்ள பக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும். அங்கே போக வேண்டாம். தட்டையான வெட்டைகளில் இரண்டும் முந்நூறு, நானூறு மீற்றர் பிரிந்து நிற்கும். அப்படிப்பட்ட இடம் மூன்றோ நாலோதான் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு மாரி மழை நேரத்தில் வட்டை விதானையோடு போங்கள்.

போன மாரியில் நான் அப்படிப் போன ஒரு குளத்தில், இரண்டு கோடுகளும் பிரிந்த இடத்தில் ஒரு கிரவல் பாதை இருந்தது. அரை மீற்றர் உயரம்கூட இருக்காது, எந்த மாதிரியிலும் தெரியாது. மாதிரி இரண்டுமே தண்ணீர் பாதையைக் கடந்து போவதாகக் காட்டின. கூட வந்த வட்டை விதானை பாதையோரத்தில் கொஞ்சத் தூரம் நடந்து, பற்றைக்குள் மூடுண்டு கிடந்த மதகைக் காட்டினார். குழாய் பாதிக்கு மேல் மண்ணால் அடைபட்டிருந்தது. தண்ணீர் பாதையின் மேற்குப் பக்கமாகவே ஓடி, அடுத்த குளத்தின் ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. "மதகு திறந்திருந்த காலத்தில இது நம்மட தண்ணி" என்றார் அவர்.

படத்தில் அந்தத் துண்டு 38 ஹெக்டேயர். நான் அதை எல்லைக்குள்ளேயே விட்டு, கோடு போட்டு, மதகின் இடத்தைக் குறித்து, "மதகு துப்புரவானால் மட்டும்" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.