FKLI குறைவாக விற்றால் சந்தை விழுமா? வாசகர் கேள்வி-பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஃபியூச்சர்ஸ் விலையைச் சுற்றித்தான் இருக்கின்றன, அதனால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு நாளில் கணக்கு முடிக்க இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம். FKLI என்பது 30 பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட கே.எல்.சி.ஐ. குறியீட்டின் மேல் போடும் ஃபியூச்சர்ஸ். கீழே வரும் விலை, வட்டி, டிவிடெண்ட் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. இன்றைய சந்தை விலை அல்ல.

கே: கே.எல்.சி.ஐ. குறியீடு 1,600-இல் இருக்கிறது, ஆனால் இரண்டரை மாதம் தள்ளி முடியும் FKLI 1,594-க்குத்தான் போகிறது. சந்தை விழப்போவது பெரிய ஆட்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதா? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

இல்லைங்க ஐயா. அந்த 6 புள்ளி குறைவில் ஜோசியம் எதுவும் இல்லை, வெறும் வட்டிக் கணக்குதான்.

முடியும் நாளில் உங்கள் கையில் குறியீடு இருக்க இரண்டு வழி உண்டு. இன்றே காசு போட்டு 30 பங்கையும் அதனதன் எடைக்கு ஏற்ப வாங்கி வைக்கலாம்: போட்ட காசுக்கு வட்டி போகும், ஆனால் நடுவில் வரும் டிவிடெண்ட் உங்களுக்கு. அல்லது ஃபியூச்சர்ஸ் வாங்கிவிட்டு, பெரும்பகுதிக் காசை வங்கியிலேயே விடலாம்: வட்டி வரும், டிவிடெண்ட் வராது. இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிவதால், ஃபியூச்சர்ஸ் விலை அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டியாக வேண்டும்.

முடிய 73 நாள், வட்டி ஆண்டுக்கு 3.5% என்று வைத்துக்கொள்வோம். 73 நாள் என்பது ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு, ஆக 1,600-க்கு வட்டி 11.2 புள்ளி. அதற்குள் 30 கம்பெனியும் கொடுக்கப்போகும் டிவிடெண்ட், குறியீட்டுப் புள்ளியாக மாற்றினால் 17 என்று வையுங்கள். 1,600 கூட்டல் 11.2 கழித்தல் 17, அதாவது 1,594.2. இதுதான் நியாய விலை. ஃபியூச்சர்ஸ் 1,594-இல் இருக்கிறதென்றால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

நம் குறியீட்டில் வங்கிகளின் எடை அதிகம், அவை டிவிடெண்டை அள்ளிக் கொடுப்பவை. டிவிடெண்ட் வட்டியைத் தாண்டும் காலங்களில் FKLI குறியீட்டுக்குக் கீழே நிற்பது இங்கே சாதாரணம்.

கே: அப்படியென்றால் அதே FKLI 1,604-க்குப் போனால்? மேலே இருக்கும் 10 புள்ளியை எடுக்கலாமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் டீச்சர், அந்த வேலைக்குப் பெயர்தான் கேஷ் அண்ட் கேரி. கடன் வாங்கி 30 பங்கையும் எடைப்படி வாங்குவார்கள், அதே நேரத்தில் ஃபியூச்சர்ஸை 1,604-க்கு விற்பார்கள். அப்புறம் சந்தை எங்கே போனாலும் அவர்களுக்குக் கவலை இல்லை.

முடியும் நாளில் குறியீடு 1,500-க்கு விழுந்துவிட்டது என்று வையுங்கள். பங்கில் 100 நட்டம், ஃபியூச்சர்ஸில் 104 லாபம், டிவிடெண்ட் 17 வரவு, வட்டி 11.2 செலவு. மிச்சம் 9.8. குறியீடு 1,700-க்கு ஏறினால் பங்கில் 100 லாபம், ஃபியூச்சர்ஸில் 96 நட்டம், டிவிடெண்டும் வட்டியும் அதேதான். மிச்சம் மறுபடியும் 9.8. ஒரு ஒப்பந்தத்தில் புள்ளிக்கு 50 வெள்ளி, ஆக 490 வெள்ளி.

இதிலிருந்து செலவைக் கழியுங்கள். புரோக்கர் கமிஷன், முத்திரை வரி, கிளியரிங் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 0.23% என்று வைத்தாலும், வாங்கி விற்க 0.46%, அது 1,600-க்கு ஏறக்குறைய 7.4 புள்ளி. கையில் நிற்பது 2.4. பங்குகளை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு காசு இரண்டு காசு இடைவெளி இருக்கும் அல்லவா, அது இந்த 2.4-ஐயும் தின்றுவிடும். அதனால் நியாய விலை என்பது ஒற்றைக் கோடு அல்ல, இரு பக்கமும் ஒரு பட்டை, அந்தப் பட்டைக்குள் விலை எங்கே அலைந்தாலும் யாரும் தொடமாட்டார்கள்.

கே: நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன் அண்ணே. பத்து நாளாக 10 புள்ளி கூடுதலாகவே நிற்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஏன்? (செம்பனை ஆலையில் வேலை செய்யும் இளைஞர்)

பத்து நாளாகக் காசு தரையில் கிடக்கிறது, யாரும் குனியவில்லை என்றால், உங்கள் டிவிடெண்ட் எண்ணைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள் தம்பி. வட்டி எல்லோருக்கும் தெரியும், நாள் எல்லோருக்கும் தெரியும், தப்பு நடக்க இருக்கும் ஒரே இடம் அதுதான்.

கணக்கில் சேர்வது எக்ஸ் தேதி, அதாவது அன்று முதல் பங்கை வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது என்ற தேதி. காசு கையில் கிடைக்கும் தேதி அல்ல. அந்தத் தேதியில்தான் பங்கு விலை டிவிடெண்ட் அளவுக்கு இறங்குகிறது, குறியீடும் கூடவே இறங்குகிறது. FKLI முடிவது ஒப்பந்த மாதத்தின் கடைசி வேலை நாள். போன வருடத்தைப் பார்த்து ஒரு பெரிய வங்கியின் டிவிடெண்டை 8 புள்ளியாக நீங்கள் சேர்த்திருக்கலாம், இந்த வருடம் அதன் எக்ஸ் தேதி அடுத்த மாதம் முதல் வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கலாம். அப்போது டிவிடெண்ட் 17 அல்ல, 9. நியாய விலை 1,602.2 ஆகிவிடும், நீங்கள் பார்த்த 10 புள்ளி லாபம் 2 புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். ஆண்டு டிவிடெண்ட் சதவீதத்தை நாள் கணக்கில் சமமாகப் பங்கிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். டிவிடெண்ட் சொட்டுச் சொட்டாக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வருகிறது. கம்பெனி கம்பெனியாகத் தேதி பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

கே: இ.பி.எஃப். காசு 80,000 வெள்ளி இருக்கிறது. ஒரே ஒரு ஒப்பந்தத்துக்கு இதைச் செய்ய முடியாதா? (லாரி ஓட்டுநர்)

1,600 பெருக்கல் 50 சரியாக 80,000 தான், ஆனால் முடியாது அண்ணே. எடை 1.5% உள்ள பங்கில் நீங்கள் வாங்க வேண்டியது 1,200 வெள்ளிக்கு. அந்தப் பங்கு 90 வெள்ளிக்கு விற்றால் 100 பங்கு கொண்ட ஒரு லாட்டே 9,000. எடை அங்கேயே கெட்டுப்போகும்.

அடுத்தது மார்ஜின், ஃபியூச்சர்ஸுக்காகப் புரோக்கரிடம் கட்டும் ஈட்டுப் பணம். சந்தை 1,700-க்கு ஏறினால் விற்ற ஃபியூச்சர்ஸில் 96 புள்ளி, அதாவது 4,800 வெள்ளி, அன்றன்றைக்கு ரொக்கமாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். பங்கில் வந்த லாபம் காகிதத்தில்தான் இருக்கும், கட்ட உதவாது. கையில் ரொக்கம் இல்லாவிட்டால் பாதி வழியில் புரோக்கர் ஃபியூச்சர்ஸை மூடிவிடுவார், அப்புறம் உங்களிடம் மிஞ்சுவது வாங்கிய பங்கு மட்டும்.

கடைசி நாளிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முடிவு விலை என்பது சந்தை மூடும் ஒரு விலை அல்ல. பிற்பகல் 3.45 முதல் 4.45 வரை 15 வினாடிக்கு ஒரு தடவை எடுத்த குறியீட்டையும் மூடும் அளவையும் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் முழுக்கப் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால்தான் சராசரியோடு ஒத்துவரும். நீங்கள் அப்போது ஈப்போ சாலையில் லாரியில் இருப்பீர்கள்.

கே: FKLI 1,580-க்கு விழுந்தால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டியதுதானே?

தாளில் சரி. பங்கை விற்று, காசை வட்டிக்குப் போட்டு, ஃபியூச்சர்ஸ் வாங்க வேண்டும். ஆனால் கையில் இல்லாத பங்கை விற்பது இங்கே கட்டுப்பாடு உள்ள விஷயம். இரவல் வாங்க வேண்டும், அனுமதித்த பங்காக இருக்க வேண்டும். 1997 ஆகஸ்டில் குறியீட்டிலிருந்த 100 பங்கிலும் ஷார்ட் விற்பனையை முடக்கினார்கள், 2020 மார்ச்சில் மறுபடி நிறுத்திவைத்தார்கள். சந்தை பயத்தில் இருக்கும் அந்த நேரத்தில்தான் ஃபியூச்சர்ஸ் ஆழமாகக் கீழே போகும், அதைத் தூக்கிவிடும் கதவும் அப்போதே மூடிக்கொள்ளும். ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் பெரிய நிதிகள் மட்டும் தங்களுடையதை விற்று ஃபியூச்சர்ஸுக்கு மாறலாம். அதனால்தான் மேல் பக்க இடைவெளி சீக்கிரம் அடைகிறது, கீழ்ப் பக்கம் நாள்கணக்கில் நிற்கிறது.

கே: செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸுக்கும் இதே கணக்கா?

பாதிதான். FCPO ஒரு ஒப்பந்தம் 25 டன், தொட்டி வாடகை, காப்புறுதி எல்லாம் வட்டியோடு சேரும், டிவிடெண்ட் கிடையாது. வைத்திருந்தால் எண்ணெயின் அமிலத்தன்மை வேறு ஏறும். இருப்பு குறைந்த மாதங்களில் ஆலைக்காரர் இன்றைக்கே எண்ணெய் வேண்டும் என்று கூடுதல் விலை கொடுப்பார், அப்போது தூர மாத விலை கீழே போனாலும் அதை வாங்கி இதை விற்க உங்களிடம் எண்ணெய் இருக்காது.