பழைய போன் ஏன் ஸ்ரக் ஆகிறது? முதலில் ராத்திரி சார்ஜைப் பாருங்கள்

"அண்ணா, நான் முள்ளியவளையில ஓட்டோ ஓடுறன். என்ர போன் வாங்கி மூண்டரை வருசம், 64 ஜிபி, ராம் 4. இப்ப ஒரு போட்டோ எடுத்தாலே சேவ் ஆக நேரம் எடுக்குது. மத்தியானத்தில மேப்பைப் போட்டுக்கொண்டு கோல் கதைச்சா அப்பிடியே ஸ்ரக். போன மாதம் அப்டேட் போட்டதுக்குப் பிறகு இன்னும் மோசம். பகல் முழுக்க ஓட்டோவிலதான் சார்ஜ் போடுறனான். புதுசு வாங்கத்தான் வேணுமோ?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தப் பகல் சார்ஜ் விஷயத்தில்தான் பாதிப் பதில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் போட்டோ சேவ் ஆகாத கதை. போனுக்குள் இருக்கும் ஸ்டோரேஜ் சிப்பைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைகள் மாதிரி நினையுங்கள். வெறுமையாக உள்ள எந்த வரியிலும் உடனே எழுதலாம், ஆனால் எழுதின ஒரு வரியை மட்டும் தனியாக அழிக்க முடியாது, அழிப்பதென்றால் பலகை முழுவதையும்தான் அழிக்க வேண்டும். அதனால் ஒரு பலகையில் நாலு வரி பழசாகிப்போனால், மிச்சம் இருக்கும் நல்ல வரிகளை வேறு பலகைக்குப் பார்த்து எழுதிவிட்டுத்தான் இதை அழிக்க முடியும். வெறும் பலகைகள் நிறைய இருக்கும்வரை இந்த வேலை பின்னால் சத்தமில்லாமல் நடக்கும், உங்களுக்குத் தெரியாது. போன் நிறைந்துவிட்டால் வெறும் பலகை இல்லை, ஒவ்வொரு போட்டோவுக்கும், வரும் ஒவ்வொரு மெசேஜுக்கும், முதலில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். கேமராவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். ஆப்கள் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் ஏதாவது சின்னதாக எழுதிக்கொண்டே இருப்பதால் போன் முழுக்கவே இழுபடும்.

உங்களுடையதைப் போலவே 64 ஜிபி போன் ஒன்று போன கிழமை என் மேசைக்கு வந்தது, பரந்தனில் இருந்து ஒரு அக்கா கொண்டுவந்தார். மிச்சம் இருந்த இடம் 1.4 ஜிபி. வாட்ஸ்அப் மட்டும் 21 ஜிபி பிடித்து வைத்திருந்தது. கனடாவில் நடந்த கலியாண வீடியோ மூன்று குரூப்பில் மூன்று தரம் வந்திருந்தது, வற்றாப்பளைப் பொங்கல் வீடியோக்கள் இரண்டு வருடத்தினது அப்படியே கிடந்தன. அதைவிட, அவர் மற்றவர்களுக்கு அனுப்பின படங்களின் பிரதி `Sent` என்ற போல்டருக்குள் தனியாகச் சேர்ந்திருந்தது, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தேவையான படங்களை முதலில் மகனின் லாப்டொப்புக்கு மாற்றிவிட்டு, வாட்ஸ்அப்பில் `Settings`, `Storage and data`, `Manage storage` என்று போய்ப் பெரிய பைல்களில் இருந்து அழித்துக்கொண்டு வந்தோம். 15 ஜிபி கிடைத்தது. கலரியில் அழித்ததெல்லாம் `Trash`க்குள் போய் ஒரு மாதம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதையும் காலியாக்க வேண்டும்.

அழித்த கையோடு போன் பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கேதான் உங்கள் பகல் சார்ஜ் வருகிறது. "இந்த வரிகள் இனித் தேவையில்லை, பலகையை அழித்து வைக்கலாம்" என்று அண்ட்ரொய்ட் போன் ஸ்டோரேஜ் சிப்புக்குச் சொல்லும் வேலை, பெரும்பாலும் போன் சார்ஜில் இருந்து, திரை அணைந்து, யாரும் தொடாமல் நீண்ட நேரம் கிடக்கும்போதுதான் நடக்கும். நீங்கள் பகலில் மேப்பும் கோலுமாகச் சார்ஜ் போடுகிறீர்கள். ராத்திரி அநேகமாக சார்ஜ் இல்லாமல் கட்டிலில் கிடக்கும். அப்படியென்றால் அந்தத் துப்புரவு வேலைக்கு மாதக்கணக்கில் நேரமே கிடைத்திருக்காது. நாலைந்து நாளைக்கு, படுக்கப் போகும்போது சார்ஜில் போட்டு, உறையைக் கழற்றி, மேசையில் வைத்துவிட்டு விடியத்தான் எடுங்கள். தலையணைக்குக் கீழே வேண்டாம். அந்த அக்காவின் போன் இரண்டு ராத்திரியில் திருந்திவிட்டது, கேமரா திறக்க 9 செக்கன் எடுத்தது 2 செக்கனுக்கு வந்தது. இனிமேல் 10 ஜிபியாவது எப்போதும் வெறுமையாக இருக்கட்டும்.

அப்டேட்டுக்கும் இதே ராத்திரிதான் மருந்து. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் போனில் உள்ள ஆப்கள் புது மென்பொருளுக்கு ஏற்ற மாதிரித் திரும்பத் தயார்படுத்தப்பட வேண்டும், அதிலும் பெரும்பகுதி சார்ஜில் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் நடக்கும். அது முடியாதவரை ஒவ்வொரு ஆப்பும் திறக்கும்போது தடுமாறும். ஆகவே அப்டேட் போட்ட மறுநாளே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு கிழமை பாருங்கள். அதற்குப் பிறகும் ஆப் மாறும்போதெல்லாம் முன்னையது முதலில் இருந்து தொடங்கினால் ராம் போதவில்லை என்று அர்த்தம், அப்போது பேஸ்புக்கை எடுத்துவிட்டு பேஸ்புக் லைட் போடுவது உண்மையிலேயே உதவும்.

கம்பனிக்காரர் வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்களா என்று கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். 2017 டிசம்பரில் ஆப்பிள் தானே ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் உண்டு: பற்றரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க, அப்டேட் மூலம் வேகத்தைக் குறைத்திருந்தது. 2018இல் குறைந்த விலைக்குப் பற்றரி மாற்றிக் கொடுத்தது, மாற்றியவர்களுக்கு வேகம் திரும்பி வந்தது.

இனி மத்தியான ஸ்ரக். அதற்கு ஸ்டோரேஜும் அப்டேட்டும் மட்டும் காரணமில்லை, சூடும் சேர்ந்திருக்கிறது. சிப் ஒரு அளவுக்கு மேல் சுட்டால் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பெரும்பாலான போன்கள் சுற்றியுள்ள காற்று 35 பாகை வரைக்கும் என்று நினைத்துச் செய்தவை. நம்முடைய பக்கம் சித்திரை வெயிலில் நிழலிலேயே அந்த அளவு வந்துவிடும். நீங்கள் அநேகமாக முன்கண்ணாடிக்குப் பின்னால், நேர் வெயிலில், உறையோடு, சார்ஜும் மேப்பும் கோலும் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பீர்கள். சூடுதானா என்று அறிய ஒரு சின்னச் சோதனை போதும்: ஸ்ரக் ஆன உடனே சார்ஜைக் கழற்றி, உறையைக் கழற்றி, நிழலில் 20 நிமிடம் வைத்துவிட்டு அதே மேப்பைத் திறந்து பாருங்கள். சீராக ஓடினால் சூடுதான். விடியக்காலையிலும் இழுத்தால் ஸ்டோரேஜ். அவசரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே நீர் வேர்த்து போன் பழுதாகும். ஹோல்டரைக் கண்ணாடியில் இருந்து கீழே, உங்கள் முழங்கால் பக்கம் நிழலுக்கு இறக்குங்கள், காற்றும் படும். மேப் ஓடும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம், ராத்திரி நிறைத்தாலே பகலில் பெரும்பாலும் தேவைப்படாது.

இதெல்லாம் செய்து இரண்டு கிழமைக்குப் பிறகும் 30 வீதத்தில் திடீரென்று அணைந்தால் பற்றரி முடிந்துவிட்டது, அதை மட்டும் மாற்றுங்கள். பின்மூடி கொஞ்சம் கிளம்பி நின்றால் மட்டும் இரண்டு கிழமை பார்க்காதீர்கள், பற்றரி ஊதியிருக்கிறது, சார்ஜ் போடாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள்.